மெய்நிகராக்கச் சொற்கள் கையேடு: வட்டுப் பக்கத்துக்கு எளிய தமிழ் வேண்டும்

கீழக்கரைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. கணினி அறிவியல் மூன்றாமாண்டுக்கு மெய்நிகராக்கப் பாடம் எடுக்கிறேன், அதாவது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாக ஓட்டுவது. ஏர்வாடி, பெரியபட்டினம், தேவிபட்டினம், திருப்பாலைக்குடி என்று கடலோர ஊர்ப் பிள்ளைகள்தான் வகுப்பில் அதிகம். பன்னிரண்டாவது வரை பலரும் தமிழ்வழி. அவர்களுக்காகச் சொற்களை எளிய தமிழில் விளக்கும் கையேடு ஒன்று தயாரிக்கிறேன். ஹோஸ்ட், கெஸ்ட், ஹைப்பர்வைசர் வரும் பக்கங்கள் முடிந்துவிட்டன. நிற்பது வட்டுப் பக்கம். இப்போதைக்கு எழுதி வைத்திருப்பது இது:

ஸ்னாப்ஷாட் – நொடிப்படம். கணினியின் அப்போதைய நிலையை எடுத்து வைப்பது.
ஃபுல் க்ளோன் – முழு நகல்.
லிங்க்டு க்ளோன் – சார்பு நகல்.
டைனமிக்கலி அலகேட்டட் டிஸ்க் – வளரும் வட்டு.

இந்தப் பக்கத்தைக் கொடுத்துவிட்டு வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். "ஸ்னாப்ஷாட் எடுத்தாகிவிட்டது. அதன் பிறகு அசல் வட்டுக் கோப்பு அழிந்துபோனால் என்ன செய்வீர்கள்?" பெரும்பாலோர் எழுதிய பதில், "நொடிப்படம் இருக்கிறது, அதிலிருந்து எடுத்துக்கொள்வோம்." சொல்லே அவர்களை அந்தப் பக்கம் தள்ளுகிறதோ என்று தோன்றுகிறது. என்ன சொல் போடலாம், விளக்கத்தில் எது கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பாம்பன்_சர்வீஸ்

காக்கா, பிள்ளைங்க எழுதினதுல என்ன தப்பு? ஸ்னாப்ஷாட்னா மொத்த வட்டையும் காப்பி எடுத்து வைக்கிறதுதானே. அதனாலதான் அது அவ்வளவு இடத்தை அடைக்குது. எங்க கடைக்கு வர்ற மெஷின்ல பார்த்திருக்கேன், `Snapshots`னு ஒரு ஃபோல்டர் 60 ஜிபி, 70 ஜிபினு வீங்கி நிக்கும். பழைய கோப்பைத் தேதி பார்த்து அழிச்சா இடம் வந்துடும். கையேட்டுல அதையும் சேர்த்துடுங்க, பிள்ளைங்களுக்கு உதவும்.

தொண்டி_சர்வர்

தம்பி, அந்தக் கோப்புகளைக் கையால் அழிக்கச் சொல்லி யாருக்கும் சொல்லிவிட வேண்டாம். ஃபோல்டர் வீங்குவது உண்மை. அதற்கு நீங்கள் சொல்லும் காரணம்தான் வேறு.

விர்ச்சுவல்பாக்ஸில் ஸ்னாப்ஷாட் எடுக்கும் நொடியில் வட்டிலிருந்து எதுவும் நகலெடுக்கப்படுவதில்லை. 20 ஜிபி வட்டாக இருந்தாலும் சில நொடிகளில் முடிந்துவிடுவது அதனால்தான். அதுவரை எழுதிக்கொண்டிருந்த வட்டுக் கோப்பு அந்த இடத்தோடு பூட்டப்படுகிறது. இனி அதைப் படிக்கலாம், எழுத முடியாது. அதன் மேல் கிட்டத்தட்ட வெறுமையான புதுக் கோப்பு ஒன்று `Snapshots` ஃபோல்டரில் உருவாகிறது. அடைப்புக்குறிக்குள் நீளமான எண்ணோடு `.vdi` என்று முடியும் கோப்பு அதுதான். அதற்குப் பிறகு உள்கணினி எழுதுவதெல்லாம் அந்தப் புதுக் கோப்பில் விழுகிறது. படிக்கும்போது முதலில் மேல் கோப்பில் தேடும், அங்கே இல்லையென்றால் கீழே போய்ப் படிக்கும்.

புத்தகத்தின் மேல் கண்ணாடித்தாள் விரித்து அதில் எழுதுவது மாதிரி. தாளை எடுத்தால் பழைய பக்கம் அப்படியே தெரியும். ஆனால் அடியில் இருக்கும் புத்தகத்தை உருவிவிட்டால் கையில் மிஞ்சுவது அங்கங்கே கிறுக்கின தாள் மட்டும்.

ஆகவே காக்காவின் கேள்விக்குச் சரியான பதில், "அசல் போனால் ஸ்னாப்ஷாட்டும் போச்சு." அந்த ஃபோல்டரில் 60 ஜிபி சேர்ந்தது ஸ்னாப்ஷாட் எடுத்தபோது அல்ல, எடுத்த பிறகு நடந்த எழுத்து அத்தனையும் அங்கே குவிந்ததால். தேதி பார்த்து நடுவில் ஒன்றை அழித்தால் அந்த மெய்நிகர் கணினி திறக்காது. `VERR_FILE_NOT_FOUND` என்று வந்து நிற்கும்.

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் நினைவகத்தில் இருப்பதும் `.sav` கோப்பாக எழுதப்படும். அது மட்டும்தான் அங்கே உண்மையான நகல். அதனால் ஓடும்போது எடுத்தால் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

ஓய்வு_தமிழாசிரியர்

தொண்டித் தம்பி சொன்னதைப் படித்த பிறகு 'நொடிப்படம்' பொருந்தவில்லை என்றே எனக்கும் படுகிறது. படம் என்றால் எடுத்தவுடன் அது தனிப்பொருள். ஆளே மறைந்தாலும் படம் நிற்கும். இங்கே நடப்பது அப்படியில்லை. 'மீள்நிலை' என்று வையுங்கள். எந்த நிலைக்கு மீளலாமோ அந்த நிலை. சொல்லும் சிறிது, பதினெட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

தொண்டி_சர்வர்

ஐயா, ஆங்கிலத்திலேயே இந்தச் சிக்கல் இருந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் ஹைப்பர்-வியில் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 பதிப்பிலிருந்து ஸ்னாப்ஷாட் என்ற பெயரை விட்டு `Checkpoint` என்று வைத்துவிட்டது. உங்கள் 'மீள்நிலை' அதற்கு நெருங்கி வருகிறது. ஆனால் விர்ச்சுவல்பாக்ஸ் திரையில் `Snapshot` என்றுதான் இருக்கிறது. 'மீள்நிலை' என்று படித்த பிள்ளை ஆய்வகத்தில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தேடக் கூடாது. திரையில் உள்ள பெயர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஐஸ்கம்பெனி_அக்கவுண்ட்ஸ்

வணக்கம் சார். நல்ல பேக்கப் சாஃப்ட்வேர் எது என்றுதானே பேசுகிறீர்கள்? மண்டபம் பக்கம் ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். பழைய பில்லிங் மென்பொருள் புது விண்டோஸில் ஓடாததால் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதற்குள் பழைய விண்டோஸை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். போட்டுக் கொடுத்தவர் தினமும் சாயங்காலம் ஸ்னாப்ஷாட் எடுக்கச் சொன்னார், அதுதான் பேக்கப் என்றார். தவறாமல் எடுக்கிறேன். இப்போது வட்டு நிறைந்துவிட்டது. "Host system reported disk full" என்று ஏதோ வந்து கணினி அப்படியே நின்றுவிட்டது. மேலே அந்தத் தம்பி சொன்ன மாதிரி பழைய கோப்புகளை அழித்துவிடலாமா?

தொண்டி_சர்வர்

மேடம், வேண்டாம். எதையும் அழிக்காதீர்கள். இங்கே பேச்சு கையேட்டைப் பற்றி, ஆனாலும் உங்கள் விஷயம் அவசரம், அதை முதலில் முடிப்போம்.

உங்களிடம் இருப்பது அத்தனை பேக்கப் அல்ல. ஒரே வட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒரே சங்கிலி. அந்த வட்டு கெட்டால் எல்லா நாளும் ஒன்றாகப் போகும். நின்றுபோனது பழுதில்லை. வெளிவட்டில் எழுத இடமில்லாததால் விர்ச்சுவல்பாக்ஸ் உள்கணினியைத் தானே நிறுத்தி வைத்திருக்கிறது. வேறு வேண்டாத கோப்புகளை, பழைய டவுன்லோடு, படம் அந்த மாதிரி, கொஞ்சம் அகற்றி இடம் பண்ணுங்கள். நின்றதைத் தொடரவிட்டு, உள்ளே பில்லிங்கை மூடி, விண்டோஸை முறையாக ஷட்-டவுன் செய்யுங்கள். பிறகு அந்த மெய்நிகர் கணினியின் ஃபோல்டர் முழுவதையும், `Snapshots` உட்பட, வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுங்கள். அந்த நகல்தான் உங்கள் முதல் பேக்கப்.

அதன் பிறகுதான் ஸ்னாப்ஷாட்களைக் குறைக்க வேண்டும். அதுவும் விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலில் இருந்து `Delete` கொடுத்து. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

தேவிபட்டினம்_3ஆம்ஆண்டு

சார், நான் காக்கா சாருடைய வகுப்பு மாணவி. எனக்கு ஒரு சந்தேகம். மேடத்தை `Delete` கொடுக்கச் சொல்கிறீர்கள். அப்படிக் கொடுத்தால் அந்த நாளின் கணக்கு போய்விடாதா? `Restore` கொடுத்தால்தானே பத்திரமாக இருக்கும்? ஆய்வகத்தில் நாங்கள் எல்லோரும் `Delete` பக்கமே போக மாட்டோம், பயம்.

தொண்டி_சர்வர்

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள் தங்கச்சி. கையேட்டில் ஸ்னாப்ஷாட்டுக்கு என்ன பெயர் என்பதைவிட இந்த இரண்டு பொத்தானுக்கும் என்ன விளக்கம் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பயப்பட வேண்டியது `Restore`. பிள்ளைகள் பயப்படுவது `Delete`.

நாளை ஆய்வகத்தில் இதைச் செய்து பாருங்கள். உள்கணினியில் `meen.txt` என்று ஒரு கோப்பு உண்டாக்குங்கள். கணினியை நிறுத்திவிட்டு ஸ்னாப்ஷாட் எடுங்கள். மறுபடி ஓட்டி `nandu.txt` என்று இன்னொன்று உண்டாக்கி நிறுத்துங்கள். இப்போது `meen.txt` பூட்டிய கீழ்க் கோப்பில் இருக்கிறது, `nandu.txt` மேல் கோப்பில் இருக்கிறது.

`Delete` கொடுத்தால் மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒன்றாகச் சேர்க்கப்படும். அழிவது திரும்பிப் போகும் வசதி மட்டுமே. ஓட்டிப் பார்த்தால் `meen.txt`, `nandu.txt` இரண்டும் இருக்கும். `Restore` கொடுத்தால் மேல் கோப்பு தூக்கி எறியப்பட்டு வெறுமையான புதுக் கோப்பு வரும். `meen.txt` மட்டும் இருக்கும். `Restore` கொடுக்கும்போது இப்போதைய நிலைக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கட்டுமா என்று ஒரு கட்டம் வரும். அதில் டிக் இல்லாமல் தொடர்ந்தால் `nandu.txt` திரும்பி வராது.

மேடத்தின் நிலையில் யாராவது "பத்திரம்" என்று நினைத்து போன மாத ஸ்னாப்ஷாட்டுக்கு `Restore` கொடுத்தால், அதன் பிறகு போட்ட பில் அத்தனையும் இப்போதைய நிலையிலிருந்து மறைந்துவிடும்.

கீழக்கரைக்காரன்

மாஷா அல்லாஹ், இது போதும். அந்தச் சோதனையை அப்படியே கையேட்டில் ஆய்வகப் பயிற்சியாக வைக்கிறேன். பக்கத்தை இப்படி மாற்றுகிறேன், பாருங்கள்:

ஸ்னாப்ஷாட், திரையில் `Snapshot` – மீள்நிலை. இப்போதைய வட்டைப் பூட்டி, இனி எழுதுவதை வேறு கோப்பில் எழுதச் செய்வது. பூட்டிய கோப்பு போனால் மீள்நிலையும் போகும். பேக்கப் ஆகாது.
`Delete` – மீள்நிலையைக் கரைத்தல். இதுவரை எழுதியது எதுவும் போகாது, திரும்பிப் போக மட்டும் முடியாது.
`Restore` – மீள்நிலைக்குத் திரும்புதல். அதற்குப் பிறகு எழுதியது போகும்.

'அழித்தல்' என்று போடாமல் 'கரைத்தல்' என்று வேண்டுமென்றே போட்டிருக்கிறேன்.

அடுத்து லிங்க்டு க்ளோன். எங்கள் ஆய்வகத்தில் லினக்ஸ் சர்வர் ஒன்று இருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸுக்குப் பதிலாக அதில் கேவிஎம் ஓடுகிறது. 40 பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு உள்கணினி கொடுக்க வேண்டும். சர்வரில் காலி இடம் 480 ஜிபி. அசல் வட்டு 20 ஜிபி என்று அறிவித்தது, இப்போது அடைத்திருப்பது 6 ஜிபி. இந்தக் கணக்கையே உதாரணமாக வைத்து முழு நகல், சார்பு நகல், வளரும் வட்டு மூன்றையும் விளக்க நினைக்கிறேன்.

தொண்டி_சர்வர்

நல்ல கணக்கு காக்கா. ஆளுக்கொரு முழு நகல் என்றால் தொடக்கத்திலேயே 40 பெருக்கல் 6, அதாவது 240 ஜிபி. சார்பு நகல் என்றால் அசல் ஒன்று 6 ஜிபி, அதற்கு மேல் ஒவ்வொரு பிள்ளையும் எழுதுவது மட்டும். ஆளுக்கு 1 ஜிபி எழுதினால் மொத்தம் 46 ஜிபி. ஒரு பிள்ளைக்கு உண்டாக்கும் கட்டளை:

```
qemu-img create -f qcow2 -b adi.qcow2 -F qcow2 maanavar07.qcow2
```

`-b` என்பதற்குப் பின்னால் வருவது அசல். எது எதைச் சார்ந்திருக்கிறது என்று பார்க்க:

```
qemu-img info --backing-chain maanavar07.qcow2
```

மேலே பேசின ஸ்னாப்ஷாட்டும் இதுவும் உள்ளே ஒரே வேலைதான், அடியில் பூட்டிய கோப்பு, மேலே எழுதும் கோப்பு. ஸ்னாப்ஷாட்டில் ஒரே கணினி காலத்தில் முன்னும் பின்னும் போகிறது. இங்கே ஒரே அடியின் மேல் 40 கணினிகள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. இரண்டுக்கும் பொதுவாக 'அடிவட்டு', 'மேல்வட்டு' என்று இரண்டு சொல் வைத்துக்கொண்டால் பிள்ளைகள் ஒரு தடவை புரிந்துகொண்டாலே போதும்.

இரண்டு ஆபத்தை மட்டும் விரிவாக எழுதுங்கள்.

முதலாவது, இடம். 40 பேருக்கும் 20 ஜிபி என்று சொல்லியிருக்கிறோம், அது 800 ஜிபி வாக்குறுதி. கையில் இருப்பது 480. ஆளுக்கு 1 ஜிபி வரை சிக்கல் தெரியாது. ஒரு வாரம் எல்லோரும் டெஸ்க்டாப்பும் டேட்டாபேஸும் ஏற்றி ஆளுக்கு 12 ஜிபி எழுதினால் அடிவட்டோடு சேர்த்து 486 ஜிபி, சர்வர் நிறைந்துவிடும். அப்போது பிள்ளைகளின் திரை உறைந்து நிற்கும். உள்ளே போய்ப் பார்த்தவரை வட்டில் இன்னும் 2 ஜிபி போலக் காலி என்றுதான் காட்டியிருக்கும், அதனால் நெட்வொர்க் கோளாறு என்று தேடப் போவார்கள். சர்வரில் `virsh list` கொடுத்தால் `paused` என்று இருக்கும். `virsh domblkerror maanavar07` கொடுத்தால் `vda: no space` என்று வரும். அதுதான் அடையாளம். சர்வரில் இடம் பண்ணிவிட்டு `virsh resume` கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

இரண்டாவது இதைவிட மோசம். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒருவர், "அசலில் அப்டேட் போட்டால் எல்லாருக்கும் போய்ச் சேரும்" என்று நினைத்து அடிவட்டையே ஓட்டி அப்டேட் போட்டார். மேல்வட்டுகள் ஒவ்வொன்றும் பழைய அடிவட்டின் கட்டங்களை நம்பி எழுதப்பட்டவை. அடியில் கட்டங்கள் இடம் மாறியதும் பழையதும் புதியதும் கலந்து கோப்பு முறைமை சிதைந்தது. சிலது அன்றே பூட் ஆகவில்லை. சிலது நாலைந்து நாள் ஓடிவிட்டு ஒவ்வொரு கோப்பாகக் குழம்பின. கண்டுபிடிக்க நேரம் ஆனதற்குக் காரணம், `qemu-img check` கொடுத்துப் பார்த்தால் `No errors were found on the image.` என்றே வந்தது. அந்தச் சோதனை பார்ப்பது மேல்வட்டுக் கோப்பின் உள்கட்டமைப்பை. அடியில் இருப்பது மாறிவிட்டதா என்று அது பார்ப்பதில்லை. உள்கணினிக்குள் `fsck` ஓட்டியபோதுதான் வண்டவாளம் தெரிந்தது.

அடிவட்டுக்கு `chmod 444` போடுங்கள். ரூட்டுக்கு அது தடையாகாது என்பதால், அடிவட்டை நேராக ஓட்டும் உள்கணினி ஒன்றையும் பட்டியலில் விட்டு வைக்காதீர்கள். அப்டேட் வேண்டுமென்றால் அடிவட்டை `adi2.qcow2` என்று முழு நகல் எடுத்து, அதில் அப்டேட் போட்டு, அடுத்த செட் பிள்ளைகளுக்கு அதன்மேல் உண்டாக்குங்கள். பழைய பிள்ளைகள் பழைய அடிவட்டிலேயே இருக்கட்டும்.

பாம்பன்_சர்வீஸ்

அண்ணே, ஸ்னாப்ஷாட் விஷயம் இப்ப புரிஞ்சுது, நன்றி. இந்த இடம் நிறையறதுக்கு ஒரு வழி சொல்றேன். பிள்ளைங்கள உள்கணினிக்குள்ள வேண்டாத கோப்பை அழிக்கச் சொல்லுங்க. ஆளுக்கு 5 ஜிபி அழிச்சா சர்வர்ல 200 ஜிபி வந்துடுமே.

தொண்டி_சர்வர்

தம்பி, அழிக்கச் சொல்வது சரி, அது முதல் பாதி. அது மட்டும் போதாது. உள்கணினி ஒரு கோப்பை அழிக்கும்போது தன் குறிப்பேட்டில் "இந்தக் கட்டங்கள் காலி" என்று எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான். வெளியே சர்வருக்கு அது தெரியாது. வளர்ந்த மேல்வட்டுக் கோப்பு வளர்ந்த அளவிலேயே நிற்கும். உள்கணினியின் வட்டு அமைப்பில் `discard='unmap'` இருக்க வேண்டும், பிறகு உள்ளே

```
sudo fstrim -av
```

கொடுக்க வேண்டும். அப்போதுதான் காலிக் கட்டங்கள் சர்வருக்குத் திரும்பும். காக்கா, 'வளரும் வட்டு' என்ற பதிவில் "தானாக வளரும், தானாகச் சுருங்காது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கீழக்கரைக்காரன்

சேர்த்துவிட்டேன். அடிவட்டு, மேல்வட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டேன். 'சார்பு நகல்' பற்றித்தான் இன்னும் யோசனை. அதில் 'நகல்' என்று இருப்பதால் பிள்ளைகள் அசலை அழித்தாலும் நகல் நிற்கும் என்று மறுபடி நினைப்பார்களோ?

ஓய்வு_தமிழாசிரியர்

'கிளைக் கணினி' என்று சொல்லிப் பாருங்கள். அடி இல்லாமல் கிளை இல்லை. அடிவட்டு என்ற சொல்லோடும் சேர்ந்து வரும்.

தேவிபட்டினம்_3ஆம்ஆண்டு

ஐயா, 'கிளை' என்றால் எங்களுக்கு கிட்டில் வரும் பிராஞ்ச்தான் ஞாபகம் வரும். போன பருவத்தில் அதற்கு அந்தச் சொல்லைத்தான் சார் கொடுத்தார். எனக்கு 'சார்பு நகல்' பரவாயில்லை, 'சார்பு' என்ற சொல் முன்னால் இருக்கிறதே. இன்னொன்று சார், பல்கலைக்கழகத் தேர்வில் 'மீள்நிலை' என்று எழுதினால் திருத்துகிறவர்களுக்குப் புரியுமா?

கீழக்கரைக்காரன்

தேர்வில் ஸ்னாப்ஷாட் என்ற சொல்லையே எழுதுங்கள் பிள்ளை, விளக்கத்தைக் கையேட்டில் உள்ளபடி எழுதுங்கள். மதிப்பெண் விளக்கத்துக்குத்தான். கிளையா சார்பு நகலா என்பதை வகுப்பில் இரண்டையும் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். வேறு யாருக்காவது நல்ல சொல் இருந்தால் போடுங்கள்.

ஐஸ்கம்பெனி_அக்கவுண்ட்ஸ்

சார், வெளி ஹார்டு டிஸ்கில் ஃபோல்டர் முழுவதும் நகலாகிவிட்டது. அதை வீட்டு லேப்டாப்பில் திறந்தும் பார்த்தேன், நேற்றைய பில் வரை இருக்கிறது. இப்போது கம்பெனி கணினியில் மிகப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு `Delete` கொடுத்திருக்கிறேன். அரைமணிக்கு மேல் ஓடுகிறது, இடம் கூடாமல் குறைகிறது. இங்கே சாயங்காலமானால் கரண்ட் போகும், யூபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். நிறுத்திவிடலாமா?

தொண்டி_சர்வர்

நிறுத்த வேண்டாம் மேடம். சேர்க்கும்போது ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு எழுதி முடித்த பிறகுதான் பழையது நீக்கப்படும், அதனால் நடுவில் இடம் குறைவது இயல்பு. காலி இடம் 5 ஜிபிக்குக் கீழே போனால் மட்டும் இங்கே எழுதுங்கள். நடுவில் கரண்ட் போய்ச் சங்கிலி கெட்டால் வெளி டிஸ்கில் இருக்கும் நகலை எடுத்து வைத்துத் தொடரலாம், நீங்கள்தான் திறந்தும் பார்த்துவிட்டீர்களே. இது முடிந்ததும் அடுத்ததை இன்று தொடங்காதீர்கள். நாளைக் காலை கரண்ட் நிலவரம் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். இனி சாயங்காலம் ஸ்னாப்ஷாட்டுக்குப் பதிலாக உள்ளே இருக்கும் பில்லிங் கோப்புகளை மட்டும் வெளி டிஸ்கில் நகலெடுங்கள்.